அங்கேயே கட்டிவிட முடியாத அபராதம்

வெள்ளிக்கிழமை இரவு பதினொன்றரை மணி. வேளச்சேரி பக்கம் பைக்கில் வரும் ஒருவரைப் போக்குவரத்துப் போலீஸார் நிறுத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கருவியில் ஊதச் சொல்கிறார்கள். 64 என்று காட்டுகிறது. அவர் பர்ஸை எடுத்து, "எவ்வளவு சார், கட்டிட்டுப் போயிடறேன்" என்கிறார். ஹெல்மெட் இல்லாத வழக்கென்றால் கட்டிவிட்டுப் போகலாம். இதில் முடியாது.

ஏன் முடியாது என்பது பலருக்குத் தெரிவதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 200வது பிரிவில் ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் உள்ள குற்றங்களுக்கு மட்டும்தான் அதிகாரி பணம் வாங்கிக்கொண்டு வழக்கை முடிக்கலாம். குடித்துவிட்டு ஓட்டுவதைச் சொல்லும் 185வது பிரிவு அந்தப் பட்டியலில் இல்லை. எனவே தண்டனையை முடிவு செய்வது மாஜிஸ்திரேட்தான். "இங்கேயே முடித்துவிடலாம்" என்று யாராவது கை நீட்டினால், அந்தப் பணம் அரசுக்குப் போகாது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

சட்டம் வைத்திருக்கும் எல்லை, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால். நிதானமாக ஓட்டினேன், தடுமாறவில்லை என்ற வாதம் இங்கே எடுபடாது. எண் எல்லையைத் தாண்டினாலே குற்றம். முதல் முறைக்கு 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் 15,000 ரூபாய் அல்லது இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். முதல் வழக்கில் கட்டிய பணம் வெறும் ரசீதோடு போய்விடுவதில்லை. அது குற்றத்தீர்ப்பு, அடுத்த வழக்கில் கணக்குக்கு வரும்.

காலையில் மாட்டுகிறவர்களின் கதை வேறு. 70 கிலோ எடையுள்ள ஆண் ஒருவர் 180 மில்லி பிராந்தி, அதாவது ஒரு குவார்ட்டர் குடித்தால், ரத்தத்தில் ஏறத்தாழ 130 மில்லிகிராம் வரை போகலாம். கல்லீரல் அதை மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் வீதம்தான் குறைக்கும். இரவு பத்து மணிக்கு முடித்தவர் விடியற்காலை மூன்று மணிக்கும் 50க்கு மேல் இருப்பார். இரண்டு குவார்ட்டர் என்றால், தூங்கி எழுந்து காலை ஏழு மணிக்கு ஆபீஸ் கிளம்பும்போதும் எல்லையைவிடப் பல மடங்கு இருக்கும். மோர், எலுமிச்சைச் சாறு, குளியல் எதுவும் இந்த வேகத்தைக் கூட்டாது. ஆளுக்கு ஆள் கணக்கு மாறும், இது தோராயம்தான்.

கருவியும் ஏமாறலாம். சற்றுமுன் குடித்ததோ, ஆல்கஹால் கலந்த மவுத்வாஷோ வாயில் தங்கியிருந்தால் எண் கூடும். கால் மணி நேரம் போனால் அது அடங்கிவிடும். அப்படிச் சந்தேகம் இருந்தால் மறுபடி ஊதக் கேளுங்கள். துண்டுச் சீட்டில் நேரமும் எண்ணும் சரியா என்று பாருங்கள். ஊதவே மாட்டேன் என்பது மட்டும் வேண்டாம். குடித்திருப்பதாக நியாயமான சந்தேகம் இருந்தால் வாரன்ட் இல்லாமல் கைது செய்யலாம். மறுத்ததையே எதிர்ச்சான்றாகக் கோர்ட்டு எடுத்துக்கொள்ளலாம். கைதானவரை இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்தாவிட்டால் விடுவிக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது.

சரி, கோர்ட்டுக்கு நேரில் போயே ஆக வேண்டுமா? சிறைத்தண்டனைக்கு வழியுள்ள குற்றம் இது. வழக்கறிஞர் மூலம் வரலாம், அல்லது குற்றத்தை ஒப்புக்கொண்டு தபாலில் பணம் அனுப்பலாம் என்று சம்மனில் எழுதுவது நீதிமன்றத்தின் விருப்பம். அது நம் உரிமை அல்ல. எனவே சம்மனை வரிக்கு வரி படியுங்கள். இரண்டாவது முறையோ, யாருக்காவது காயமோ, எண்ணை மறுப்பதோ என்றால் வழக்கறிஞரோடு போவதே புத்திசாலித்தனம். தேதியைத் தவறவிட்டால் வாரன்ட் வரும்.

நம் வேளச்சேரிக்காரர் ஒப்புக்கொண்டு 10,000 கட்டிவிட்டார். முடிந்தது என்று நினைக்கிறார். இல்லை. லைசென்ஸ் விவகாரம் தனிப் பாதையில் போகும். போலீஸார் லைசென்ஸை வாங்கி ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்புவார்கள். அவர் நோட்டீஸ் அனுப்பி, விளக்கம் சொல்ல வாய்ப்புத் தந்த பிறகே முடிவெடுக்க வேண்டும். உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு 2015ல் மாநிலங்களுக்குச் சொன்னபடி, இந்தக் குற்றத்துக்குக் குறைந்தது மூன்று மாதம் லைசென்ஸ் நிறுத்தப்படும். நோட்டீஸுக்குப் பதில் எழுதாமல் இருப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. உத்தரவு தவறு என்று பட்டால் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

அந்த மூன்று மாதத்தில் "பக்கத்துத் தெருவுக்குத்தானே" என்று வண்டியை எடுத்தால், அது தனிக் குற்றம்: 182வது பிரிவின்கீழ் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.