தந்துகியில் நிதானிக்கும் ரத்தம்

ஓய்வில் இருப்பவரின் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர், அதாவது நொடிக்கு 83 மில்லிலிட்டர் ரத்தத்தை வெளியேற்றுகிறது. மகாதமனியின் குறுக்குப்பரப்பு ஏறத்தாழ 4 சதுர செ.மீ. என்பதால் அங்கே சராசரி வேகம் நொடிக்கு 20 செ.மீ.

தந்துகி ஒவ்வொன்றும் தலைமுடியைவிட மெல்லியது. ஆனால் எல்லாவற்றின் பரப்பையும் கூட்டினால் சுமார் 2,500 சதுர செ.மீ! அதே 83 மில்லிலிட்டர் அவ்வளவு அகலத்தில் பரவுவதால் வேகம் நொடிக்கு 0.3 மி.மீ. ஆகக் குறைகிறது. தந்துகியைக் கடக்கும் அந்த ஓரிரு நொடிகளில்தான் ஆக்சிஜன் திசுவுக்குள் இறங்குகிறது.

திரும்பும் வழியில் சிரைகள் ஒன்றுசேர, மொத்தப் பரப்பு சுருங்கி வேகம் ஓரளவு மீள்கிறது. சிரைச் சுவர் எளிதில் விரியும். அதே அழுத்த உயர்வுக்குத் தமனிகளைப்போல் 20 மடங்குக்கும் மேல் ரத்தத்தை ஏற்கும். படுத்திருந்தவர் சட்டென எழுந்தால் அரை லிட்டர்வரை கால் சிரைகளில் தேங்குவதும், சிலருக்குத் தலை சுற்றுவதும் இதனால்தான். நரம்புகள் ரத்தக்குழாய்களை இறுக்கி, இதயத்துடிப்பைக் கூட்டியதும் பெரும்பாலும் சில நொடிகளில் தெளிந்துவிடுகிறது.