இரண்டு வரிதானே என்று எடுக்கும் முன்

பாட்டிலிருந்து இரண்டு வரி எடுத்தால் தப்பில்லை, கீழே பெயர் போட்டுவிட்டால் யாரும் கேட்க முடியாது என்று எழுதுகிறவர்களில் பலர் நம்புகிறார்கள். 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் இத்தனை வரி, இத்தனை சொல் என்ற கணக்கே கிடையாது. ஒரு படைப்பை விமர்சிக்கவோ மதிப்பிடவோ நியாயமான முறையில் எடுத்தாண்டால் அது உரிமை மீறல் ஆகாது என்கிறது 52ஆவது பிரிவு. அதாவது எவ்வளவு எடுத்தோம் என்பதோடு எதற்காக எடுத்தோம் என்பதும் பார்க்கப்படும்.

ஒரு பாட்டை வைத்தே பார்க்கலாம். 1961இல் வந்த ‘பாவமன்னிப்பு’ படத்தில் பி.பி.ஸ்ரீநிவாஸ் தனியாகப் பாடிய காதல் பாட்டு. பருவம், கலை, மாதம், மலர் என்று ஒவ்வொரு வகையிலும் சிறந்ததைச் சொல்லி, அதுதான் அவள் என்று முடிப்பது அதன் கட்டமைப்பு. இந்த உத்தியை விளக்கிக் கட்டுரை எழுதுகிறவருக்கு இரண்டு வரி வேண்டும். அவற்றைப் படித்ததுமே அச்சு பிடிபட்டுவிடும். மிச்சத்தை நான் இப்போது சொன்னதுபோல் சொந்த வாக்கியத்தில் சொல்லிவிடலாம். கருத்துக்கும் உத்திக்கும் பதிப்புரிமை இல்லை, அவற்றைச் சொன்ன சொற்களுக்குத்தான் உண்டு. பல்லவியும் சரணங்களும் முழுதாக அச்சாகி, நடுவே ‘என்ன அழகு!’ என்று மட்டும் எழுதியிருந்தால் அதை விமர்சனம் என்று வாதிடுவது கடினம். பாட்டு சின்னது என்பதையும் மறக்கக் கூடாது. நாவலில் நான்கு வரி ஒரு துளி. பாட்டில் நான்கு வரி கால்வாசியாகிவிடலாம்.

கட்டுரைத் தலைப்புக்குக் கீழே அழகுக்காக ஒரு வரியைப் போடும் பழக்கம் எனக்கு உவப்பானதல்ல. கட்டுரை அந்த வரியைப் பற்றி ஒன்றுமே பேசாதபோது, விமர்சனத்துக்காக எடுத்தேன் என்று சொல்லும் வாய்ப்பு குறைந்துவிடுகிறது. இங்கிலாந்தில் பிளேக் மோரிசன் தன் நாவலில் ராக் பாட்டு வரிகள் சிலவற்றைச் சேர்த்தார். ஒரே ஒரு வரிக்கு 500 பவுண்டு. எல்லாமாகச் சேர்த்து 4,000 பவுண்டுக்கு மேல் அனுமதிக் கட்டணம் கட்ட நேர்ந்ததாக அவரே எழுதியிருக்கிறார்.

இனி, பெயர் போடுவது. மேலே சொன்ன பாட்டுக்கு இப்படி எழுதினால் போதும்: கண்ணதாசன், ‘பாவமன்னிப்பு’ (1961), இசை விஸ்வநாதன்–ராமமூர்த்தி, குரல் பி.பி.ஸ்ரீநிவாஸ். சொற்கள் கவிஞருடையவை என்பதால் அவர் பெயர்தான் முதலில் வரவேண்டும். ஆனால் நம் பத்திரிகைகளில் இது ‘பி.பி.எஸ். பாட்டு’ ஆகும், ‘ஜெமினி பாட்டு’ ஆகும். எழுதியவர் காணாமல் போவார். பல கவிஞர்கள் எழுதிய படமென்றால் டைட்டில் கார்டில் பெயர்கள் வரிசையாக வருமே தவிர, எந்தப் பாட்டு யாருடையது என்று பெரும்பாலும் தெரியாது. இசைத்தட்டின் நடுவிலுள்ள லேபிளோ கவிஞரின் பாடல் தொகுப்போ அதற்குக் கைகொடுக்கும். காதில் விழுந்ததை நம்பி வரியை எழுதாமல் தொகுப்போடு ஒப்பிடுவதும் அவசியம். தன் பெயரைக் கோரவும், தன் மதிப்பைக் கெடுக்கும் திரிப்பைத் தடுக்கவும் படைத்தவருக்கு 57ஆவது பிரிவு உரிமை தருகிறது. உரிமையை வேறொருவருக்கு விற்றிருந்தாலும் இது போகாது. அதேசமயம், பெயர் போடுவது அனுமதி வாங்கியதாகவும் ஆகாது.

இரண்டு வரிக்கு மேல் வேண்டுமென்றால் யாரிடம் கேட்பது? கவிஞரின் குடும்பத்திடம் என்றுதான் தோன்றும். ஆனால் படத்துக்காகப் பணம் கொடுத்து எழுத வைத்த பாட்டுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், தயாரிப்பாளரே உரிமையாளர் என்று 1977இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பழைய பாட்டுகளில் அந்த உரிமை பிறகு இசை நிறுவனங்களுக்குக் கைமாறியிருக்கலாம்.

காலக்கெடுவும் ஒன்றல்ல. வரிகளுக்கான உரிமை கவிஞர் மறைந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள். கண்ணதாசன் மறைந்தது 1981இல் என்பதால் 2041 முடியும்வரை அது இருக்கும். ஒலிப்பதிவுக்கோ வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள்தான். 1961இல் வந்த இசைத்தட்டுக்கு 2021இல் முடிந்துவிட்டது. ஒலிப்பதிவின் உரிமை முடிந்துவிட்டதே என்று வரிகளை அச்சடிக்க முடியாது.

பாரதியும் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரமும் எழுதியவை நாட்டுடைமை. அவற்றை முழுப் பாட்டாகவே அச்சிடலாம், அனுமதி வேண்டாம். ஆனால் பாரதி பாட்டுக்குப் புதிதாக ஒருவர் போட்ட மெட்டுக்கும் அதன் ஒலிப்பதிவுக்கும் தனித்தனியே உரிமை உண்டு.