சளி மட்டும் போகட்டும், முகம் இருக்கட்டும்

ஒன்றரை வயதுக் குழந்தை ஜன்னலோரம் உட்கார்ந்து வாய் நிறையச் சிரிக்கிறது. படம் பிரமாதம். ஆனால் மூக்கிலிருந்து மேலுதடு வரை சளி, கன்னத்தில் பருப்புசாதம், தாடையில் எச்சில். கைபேசியில் விரலால் நாலு தேய் தேய்த்தால் சளி போய்விடும். கூடவே மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவில் இருக்கும் சின்னப் பள்ளமும் போய்விடும். மேலுதட்டுக்கு உருவம் தருவதே அந்தப் பள்ளமும் அதன் இரு பக்கத்து மேடுகளும்தான். அவை மழுங்கினால் குழந்தை மெழுகுபொம்மை ஆகிவிடும்.

படத்தில் சளி நம் கண்ணுக்குத் தெரியக் காரணம் அதன் நிறமல்ல, பளபளப்பு. ஈரத்தின் மேல் ஜன்னல் வெளிச்சம் பட்டுத் தெறிக்கிறது. அந்த இடம் வெள்ளையாகப் பதிந்துவிட்டால் அதற்கடியில் தோலின் விவரம் எதுவும் இருக்காது. வெளிச்சத்தைக் குறைத்துப் பார்த்தால் வெள்ளை சாம்பல் நிறமாகும், தோலாகாது. பக்கத்திலிருந்துதான் தோலைக் கொண்டுவர வேண்டும்.

இதற்குக் கணினியில் இலவசமாகக் கிடைக்கும் GIMP மென்பொருளே போதும். படத்தைத் திறந்ததும் Shift+Ctrl+D அழுத்தி ஒரு நகல் அடுக்கு எடுத்து, வேலை முழுவதையும் அதன்மேல் செய்யுங்கள். அசல் அடியில் பத்திரமாக இருக்கும்.

முதலில் Clone கருவி. அதன் Mode என்ற இடத்தில் Darken only என்று மாற்றுங்கள். முழு வித்தையும் இங்கேதான். நாம் எடுத்துவரும் தோலைவிட வெளிச்சமாக இருக்கும் புள்ளிகளை மட்டுமே இது மாற்றும். வெள்ளைப் பளபளப்பு அடங்கும். மூக்குக்கடியில் விழும் நிழலும் பள்ளத்தின் கோடும் தொடப்படாமல் நிற்கும். தூரிகை மென்மையாக, சளிக்கோட்டைவிடக் கொஞ்சம் அகலமாக இருக்கட்டும். Opacity ஐம்பதுக்குள் வைத்து, ஒரே இழுப்பில் அல்லாமல் இரண்டு மூன்று தடவையாகப் பூசுங்கள்.

Ctrl விசையைப் பிடித்துக்கொண்டு எந்த இடத்தைச் சொடுக்குகிறோமோ அங்கிருந்துதான் தோல் வரும். அதில்தான் பெரும்பாலும் தவறு நடக்கும். கன்னத்திலிருந்து எடுக்காதீர்கள், கன்னத்தின் சிவப்பும் வழவழப்பும் வேறு. ஜன்னல் இடப்பக்கம் என்றால் மேலுதட்டின் இடப்பாதிக்கு அதே பாதியில் ஈரமில்லாத இடத்தைத் தேடுங்கள். எடுத்த இடம் இருட்டாக இருந்தால் சுற்றியுள்ள தோலும் சேர்ந்து கறுத்துப்போகும். குழந்தைக்கு லேசாக மீசை அரும்பியது போலிருக்கும். அப்படித் தெரிந்தால் Ctrl+Z போட்டு, இன்னும் வெளிச்சமான இடத்திலிருந்து எடுங்கள். காய்ந்து ஒட்டிய சளிக்கு இந்த வழி முழுதாக உதவாது. அதற்குச் சொந்த நிழல் உண்டு. அந்த இடத்துக்கு மட்டும் Mode-ஐ Normal ஆக்கிக்கொள்ள வேண்டும்.

சாப்பாட்டுக் கறை வேறு கதை. கன்னத்தில் மெல்லப் படிந்த மஞ்சளுக்கு அடியில் தோலின் நுணுக்கம் அப்படியே இருக்கிறது. நிறம் மட்டும்தான் தப்பு. அதை அழிப்பது வீண்வேலை. Paintbrush எடுத்து, Ctrl விசையோடு பக்கத்துச் சுத்தமான தோலைச் சொடுக்கி நிறத்தை எடுத்துக்கொண்டு, Mode-ஐ HSL Color ஆக்கி, Opacity முப்பதில் தடவுங்கள். மஞ்சள் மறையும், மேடு பள்ளம் மாறாது. சளி துடைத்துத் துடைத்துச் சிவந்த மூக்கடிக்கும் இதுவே மருந்து. ஆனால் சிவப்பை முழுக்க எடுத்தால் அந்த இடம் வெளிறிப்போகும், பாதியில் நிறுத்துங்கள்.

கட்டியாக ஒட்டிய பருக்கைக்கு Heal கருவி. அது தோலைக் கொண்டுவந்து சுற்றுப்புற நிறத்தோடு தானே கலந்துவிடும். அந்தக் கலக்கும் குணமே உதட்டோரத்தில் தொல்லை: உதட்டின் சிவப்பு தோலுக்குள் கசிந்துவிடும். ஆகவே உதட்டை ஒட்டிய பருக்கைக்கு Clone, கன்னத்தின் நடுவில் இருப்பதற்கு Heal.

தாடையில் வழியும் எச்சிலுக்கும் Darken only போதும். கீழுதட்டின் மினுமினுப்பை மட்டும் விட்டுவிடுங்கள். அது ஈரமான உதடு, காய்ந்துபோனால் சிரிப்பே களையிழக்கும். ஒரு பருக்கை கன்னத்தில் இருப்பதையும் நான் விட்டுவிடுவேன். சாப்பிடும் குழந்தை என்று அது சொல்கிறது. எச்சிலில் நனைந்த சட்டைக் கழுத்து மட்டும் எதிர்த்திசை: ஈரத்துணி இருட்டாகப் பதியும், எனவே அங்கே Lighten only.

முடித்ததும் படத்தைச் சிறிதாக்கி, நகல் அடுக்கின் பக்கத்தில் உள்ள கண் சின்னத்தை அணைத்து அணைத்துப் போடுங்கள். முகத்தின் வடிவம் மாறுவதுபோல் தோன்றினால் கை அதிகம் போயிருக்கிறது. அந்த அடுக்கின் Opacity-யை எண்பது வரை இறக்கிப் பாருங்கள். அடியிலிருக்கும் அசல் தோல் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். வெள்ளை மறுபடி தெரிந்தால், இறக்காமல் அந்த ஒரு இடத்தை மட்டும் திரும்பச் செய்யுங்கள்.