நனைந்தால் நலிவது எது? ரேயான், மோடல், லையோசெல் துணிகளின் வேறுபாடு

கடையில் தொட்டுப் பார்க்கும்போது மூன்றும் வழவழப்பாகத்தான் இருக்கும். ரேயான் பஞ்சாபி உடையும் மோடல் உள்ளாடையும் லையோசெல் படுக்கை விரிப்பும் ஒரே மூலப்பொருளான மரக்கூழிலிருந்து வந்தவை. அவற்றின் வேறுபாடு நனைந்த பிறகுதான் தெரியும்.

மரக்கூழ் தானாகக் கரையாது. விஸ்கோஸ் எனப்படும் வழக்கமான ரேயானைத் தயாரிக்க, கூழைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து, கார்பன் டைசல்பைடு சேர்த்துப் பாகாக்கி, நுண்துளைகள் வழியே கந்தக அமிலத் தொட்டிக்குள் செலுத்துவார்கள். அங்கே அது இழையாகிறது. இதற்குள் கூழின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் பல துண்டுகளாகிவிடுகின்றன. தண்ணீர் அவற்றிடையே எளிதாகப் புகுவதால், நனைந்த ரேயான் ஏறக்குறைய பாதி வலிமையை இழக்கிறது.

மோடலும் இதே வழியில்தான் தயாராகிறது. ஆனால், சங்கிலிகள் நீளமாக இருக்கும்படி பக்குவத்தை மாற்றுவார்கள். ஆஸ்திரியாவின் லென்சிங் நிறுவனம் இதற்குப் பீச் மரத்தைப் பயன்படுத்துகிறது. உலர்ந்த ரேயானின் வலிமையை 100 என வைத்துக்கொண்டால், நனைந்த ரேயான் சுமார் 50, நனைந்த மோடல் சுமார் 80, நனைந்த லையோசெல் சுமார் 150. மென்மையில் மோடலே முன்னிற்கும். பலமுறை துவைத்தாலும் அது எளிதில் முரடாகாது.

லையோசெல் தயாரிப்பில் கார்பன் டைசல்பைடு கிடையாது. என்.எம்.எம்.ஓ. என்ற கரைப்பானில் கூழ் நேரடியாகக் கரைக்கப்படுகிறது. அந்தக் கரைப்பானில் 99 விழுக்காட்டுக்கு மேல் மீட்டெடுத்து மீண்டும் பயன்படுத்துவார்கள். கார்பன் டைசல்பைடோ, ஆலைத் தொழிலாளர்களின் நரம்புகளையும் இருதயத்தையும் பாதிக்கும் நச்சு. அதைப் பிடித்து மீட்கும் வசதியில்லாத ரேயான், மோடல் ஆலைகளில் சுமையை முதலில் தாங்குபவர்கள் அவர்களே. எனினும், காட்டை அழித்து எடுத்த மரம் என்றால் லையோசெல்லும் நல்லதாகிவிடாது.

லையோசெல்லுக்கும் ஒரு குறை உண்டு. ஈரமாக இருக்கும்போது தேய்த்தால் இழையின் மேற்பரப்பு பிரிந்து நுண்ணிய பிசிறு கிளம்பும். அடர்நிறத் துணியில் அது வெளிறிய கோடுகளாகத் தெரியும். அதனால் உட்புறத்தை வெளியே திருப்பித் துவைப்பது நல்லது.

வாங்கும்போது வணிகப் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். 'டென்செல்' என்ற பெயரில் லையோசெல்லும் வருகிறது, மோடலும் வருகிறது. உள்பக்கச் சீட்டில் இழையின் பெயரைப் பாருங்கள்.

சீட்டு இல்லாத பழைய உடை என்றால், உள்தையலில் தொங்கும் ஒரு நூலை எடுத்து நடுவில் மட்டும் நனைத்து, இரு முனைகளையும் பிடித்து இழுங்கள். நனைந்த இடத்திலேயே சட்டென அறுந்தால் அது பெரும்பாலும் ரேயான். அதை முறுக்கிப் பிழியக்கூடாது; ஈரத்தின் கனத்தில் தொங்கி நீளவும் விடக்கூடாது. துண்டில் சுருட்டி அழுத்தித் தண்ணீரை எடுத்து, நிழலில் விரித்து உலர்த்தினால் உடையின் அளவு மாறாது.