ஹாங்காங்காரர் கையில் இரண்டு சீனம்

'அவர் வீட்டில் இல்லை' என்று ஹாங்காங் பள்ளிப் பையன் ஒருவன் கட்டுரை நோட்டில் எழுதினால் அது நான்கே எழுத்து. அதைத் தன் ஊர் உச்சரிப்பில் வாய்விட்டுப் படித்தால் 'தா பட் ஜோய் கா' என்று வரும். அதே பையன் வீட்டில் போனை எடுக்கிறான், யாரோ அப்பாவைக் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போது அவன் சொல்லும் பதில் 'கோய் ம் ஹை உக்கெய்'. பொருள் ஒன்றுதான். ஆனால் 'அவர்', 'இல்லை', 'இருத்தல்', 'வீடு' என்ற நான்கில் ஒன்றுகூட முதல் வாக்கியத்தோடு ஒத்துப்போகவில்லை. நோட்டில் எழுதியதை அவன் யாரிடமும் பேசமாட்டான். பேசியதை நோட்டில் எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையில் சுழித்துவிடுவார்.

இதைச் செந்தமிழ், பேச்சுத் தமிழ் என்ற கணக்கில் புரிந்துகொண்டால் தவறிவிடுவோம். நம் எழுத்து நடையும் பேச்சும் ஒரே மொழியின் இரு உருவங்கள். ஹாங்காங்கின் நிலை வேறு. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கே ஏறத்தாழ 88 சதவீதம் பேருக்கு அன்றாட மொழி கான்டனீஸ். ஆனால் பள்ளியில் அவர்கள் எழுதப் பழகும் பொதுச் சீன எழுத்து நடை, பெய்ஜிங் வட்டாரத்து மாண்டரின் பேச்சை அடிப்படையாகக் கொண்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மைல் வடக்கே உள்ளவர்களின் வாக்கியத்தை எழுதி, அதைத் தங்கள் ஒலியில் படிக்கிறார்கள்.

இந்த ஏற்பாடு பழங்காலத்தது அல்ல. நூறு ஆண்டுகளுக்கு முன்புவரை படித்த சீனர்கள் எழுதியது செவ்வியல் சீனம். அது எந்த ஊர்க்காரரின் பேச்சும் அல்ல. பெய்ஜிங்காரரும் குவாங்சௌகாரரும் அதை ஒரே அளவு பாடுபட்டுத்தான் கற்றார்கள். 1917-ல் ஹு ஷி முதலியோர் 'புதிய இளைஞன்' இதழில் பேச்சையொட்டிய நடையில் எழுத வேண்டும் என்று வாதிட்டார்கள். 1919 மே நான்கு இயக்கத்துக்குப் பிறகு அந்த வாதம் வென்றது. வடக்கே இருந்தவர்களுக்கு அது விடுதலை. வாயில் வருவதை எழுதலாம். தெற்கே இருந்தவர்கள் ஒரு சுமையை இறக்கி இன்னொன்றை ஏற்றிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

சொற்களை மாற்றிப் போட்டால் ஒன்று மற்றொன்றாகிவிடாதா என்றால், ஆகாது. 'நான் முதலில் சாப்பிட்டுவிடுகிறேன்' என்பதைக் கான்டனீஸ் பேச்சில் 'ஙோ சிக் ஃபான் சின்' என்பார்கள். 'சின்' என்றால் முதலில். அது வாக்கியத்தின் கடைசியில் நிற்கிறது. பொதுச் சீன நடையில் அது வினைக்கு முன்னால் வரவேண்டும், 'சாப்பிடு' என்பதற்கு 'சிக்' போய் 'ஹெக்' வரவேண்டும்: 'ஙோ சின் ஹெக் ஃபான்'. பள்ளிப் பிள்ளைகள் செய்யும் வழக்கமான பிழை, வினைச்சொல்லை மட்டும் ஞாபகமாக மாற்றிவிட்டு வரிசையை மறந்துவிடுவது. 'ஙோ ஹெக் ஃபான் சின்' என்று எழுதுகிறார்கள். அதைப் பெய்ஜிங்கிலும் யாரும் சொல்வதில்லை, ஹாங்காங்கிலும் யாரும் சொல்வதில்லை. ஆசிரியர்களை அதிகம் எரிச்சலூட்டுவது முழுப் பேச்சு நடை அல்ல, இந்த இரண்டுங்கெட்டான் நடைதான். இன்னும் சில சொற்கள் எழுத்தில் ஒன்றாக இருந்து ஏமாற்றும். கான்டனீஸில் 'உக்' என்பது வீடு, 'ஃபோங்' என்பது அறை. வடக்கே அந்த இரண்டு எழுத்துகளைக் கொண்ட அன்றாடச் சொற்கள் அப்படியே தலைகீழ்.

கான்டனீஸ் பேச்சை எழுத எழுத்துகளே இல்லை என்று சிலர் நினைப்பதுண்டு. எழுத்துகள் இருக்கின்றன, பள்ளியில் யாரும் கற்றுத்தருவதில்லை. ஒரே ஒலியுள்ள பழைய எழுத்தை எடுத்து, பக்கத்தில் 'வாய்' என்ற சிறு கட்டத்தைச் சேர்த்துவிடுவது பழகிய உத்தி. 'இது வெறும் ஒலிக்காக, பொருளைப் பார்க்காதே' என்பதற்கு அந்தக் கட்டம் அடையாளம். 'மோ' (கிடையாது) என்ற சொல்லுக்கு வழி இன்னும் வேடிக்கையானது. 'இருக்கிறது' என்ற எழுத்தின் வயிற்றில் இரண்டு குறுக்குக் கோடுகள் உண்டு. அவற்றை எடுத்துவிட்டால் 'கிடையாது'. விளம்பரப் பலகை, நாடகப் பிரதி, சித்திரக்கதை என்று பார்த்துப் பார்த்தே மக்கள் இவற்றைப் பழகிக்கொள்கிறார்கள். கணினி வந்த காலத்தில், தைவானில் உருவான எழுத்துக் குறியீட்டில் இவற்றில் பல இடம்பெறவில்லை. எனவே 'வாய்' கட்டத்துக்குப் பதில் ஆங்கில 'ஓ' எழுத்தை அடித்துச் சமாளித்தார்கள். 1999-ல் ஹாங்காங் அரசு 4,702 எழுத்துகள் கொண்ட துணைத் தொகுப்பை வெளியிட்டது. பேச்சு நடையை முறையாகத் தட்டச்சு செய்ய அதன் பிறகுதான் வழி பிறந்தது.

சரி, எப்போது எதை எழுதுவது?

இதற்கு நல்ல விடை ஒரு சின்ன ஒட்டில் இருக்கிறது. கான்டனீஸ் வாக்கியங்களின் வாலில் லா, லோ, மே, வோ என்று துண்டு துண்டாக ஒலிகள் ஒட்டிக்கொண்டு வரும். அவற்றில் 'வோ' என்பதைத் தாழ்ந்து எழும் தொனியில் சொன்னால், அது நம் 'ஆம்' விகுதியின் வேலையைச் செய்கிறது. 'கோய் ம் லை' என்றால் 'அவன் வரமாட்டான்'. 'கோய் ம் லை வோ' என்றால் 'அவன் வரமாட்டானாம்'. சொல்பவருக்கு நேரடியாகத் தெரியாது, யாரோ சொல்லக் கேட்டது. பொதுச் சீன நடையில் இதற்கு ஒட்டு எதுவும் இல்லை. தனிச் சொல் சேர்த்து வாக்கியத்தையே நீட்ட வேண்டும். 'அவன் வரமாட்டேன் என்று சொன்னான்' என்று எழுதினால் சொன்னவன் யார் என்று முடிவுகட்ட வேண்டியிருக்கும். பேசியவரோ அதைச் சொல்லவே இல்லை.

ஒரு சாட்சி கூண்டில் நின்று அந்த 'வோ'வைச் சொல்கிறார் என்று வையுங்கள். எழுதுபவர் அதை நூல்நடைக்கு மாற்றும்போது ஒட்டை விட்டுவிட்டால், கேள்விப்பட்ட செய்தி கண்டறிந்த செய்தியாகிவிடும். வழக்கின் போக்கே மாறலாம். ஹாங்காங் தீர்ப்புகளைப் பார்த்தால் நீதிபதியின் வாதம் முழுக்கப் பொதுச் சீன நடையில் போகும். சாட்சியோ குற்றம் சாட்டப்பட்டவரோ பேசிய வார்த்தை முக்கியமாகும் இடத்தில் மட்டும் மேற்கோள் குறிக்குள் கான்டனீஸ் அப்படியே எழுந்து நிற்கும். இது நடை அழகுக்காக அல்ல, சொன்னதைச் சொன்னபடி பதிய வேண்டும் என்பதற்காக.

ஆனால் பேச்சு நடைக்கும் ஓட்டை உண்டு. அதே 'வோ'வை நடுத்தரத் தொனியில் சொன்னால் 'கேட்டதாக' என்ற பொருள் போய், 'அட, இதைக் கவனி' என்ற பொருள் வரும். எழுதும்போது பெரும்பாலும் இரண்டுக்கும் ஒரே எழுத்துதான். சாட்சியத்தைத் தாளில் மட்டும் படிப்பவருக்குத் தொனி தெரியாது. சந்தேகம் வந்தால் ஒலிப்பதிவைத்தான் கேட்க வேண்டும்.

பத்திரிகைகள் இதே பங்கீட்டைத் தங்கள் பாணியில் செய்தன. தீ விபத்துச் செய்தி ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளலாம். எத்தனை மணிக்கு, எந்த மாடியில், எத்தனை வண்டிகள் என்பதெல்லாம் நூல்நடை. மூன்றாம் மாடிப் பாட்டி பதறிப்போய்ச் சொன்னது கான்டனீஸ். 1995-ல் தொடங்கி 2021-ல் மூடப்பட்ட 'ஆப்பிள் டெய்லி' இந்த எல்லையைத் தாராளமாகத் தாண்டியது. தலைப்புகளிலும் கான்டனீஸைக் கலந்து எழுதியது. அதற்கு வெகுமுன்பே 1940-களின் இறுதியிலிருந்து சாம் சோ என்ற புனைபெயரில் ஒருவர் நாளிதழ்ப் பத்திகளில் செவ்வியல், பொதுநடை, கான்டனீஸ் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் குழைத்து நையாண்டி செய்தார். அந்த நடைக்கு 'சாம் கப் தை' என்று பெயர். பன்றி உள்ளுறுப்புகள் கலந்து காய்ச்சும் ஒரு கஞ்சியின் பெயரும் ஏறத்தாழ அதுதான்.

அதே ஊரில் அதே காலத்தில் எழுதியவர் ஜின் யோங். 1959-ல் 'மிங் பாவ்' நாளிதழைத் தொடங்கி, அதில் வாள்வீரர் தொடர்கதைகளை நூல்நடையில் எழுதினார். சிங்கப்பூரிலும் பின்னர் தைபேயிலும் பெய்ஜிங்கிலும் அவற்றை மொழித் தடையில்லாமல் படித்தார்கள். சாம் சோவின் பத்திகள் ஹாங்காங்கை விட்டு அதிக தூரம் போகவில்லை. இதில் யார் உயர்ந்தவர் என்ற கேள்விக்கு இடமில்லை. ஒருவருக்கு வாசகர் சீன உலகம் முழுவதும், மற்றவருக்கு வாசகர் காலையில் அதே டிராமில் ஏறுபவர். எழுத உட்காருபவர் முதலில் முடிவுசெய்ய வேண்டியது இதைத்தான். ஒப்பந்தம், மருந்துச் சீட்டு, வேலை விண்ணப்பம், துக்கம் விசாரிக்கும் கடிதம் இவற்றில் கான்டனீஸ் பேச்சை எழுதினால் ஹாங்காங்காரரே முகம் சுளிப்பார். நண்பருக்கு அனுப்பும் குறுஞ்செய்தியை நூல்நடையில் எழுதினால் ஏதோ கோபம் என்று நினைப்பார்.

பாடல்களில் கணக்கு சற்று விசித்திரமானது. கான்டனீஸ் சினிமாக் காதல் பாடல்களில் பெரும்பாலானவை நூல்நடைச் சொற்களை ஊர் உச்சரிப்பில் பாடுபவை. உருக்கத்துக்கு அந்தத் தூரம் உதவுகிறது போலும். 1970-களில் சாம் ஹுய் பேச்சு நடையைக் கூச்சமில்லாமல் பாட்டில் ஏற்றினார். 1976-ல் வந்த 'தி பிரைவேட் ஐஸ்' படத்தின் தலைப்புப் பாடல் மாதச் சம்பளக்காரரின் புலம்பல். முதலாளியைத் திட்டுகிறவன் நூல்நடையில் திட்டினால் யாருக்கும் சிரிப்பு வராது.

பேச்சு நடை புலம்பலுக்கும் கேலிக்கும் மட்டும்தான் லாயக்கு என்று இதிலிருந்து முடிவுகட்டிவிட வேண்டாம். கான்டனீஸ் விக்கிப்பீடியா 2006-லிருந்து நடக்கிறது. வேதியியலும் வரலாறும் அதில் பேச்சு நடையிலேயே எழுதப்படுகின்றன. தொடக்கத்தில் கண்ணை உறுத்துகிறது, பழகினால் படிக்க முடிகிறது. தடையாக இருப்பது மொழியின் திறன் அல்ல, பள்ளி தந்த பழக்கம்.

இன்றைய வழக்கங்களில் நியாயப்படுத்தக் கடினமானது தொலைக்காட்சி வசன வரிகள். நடிகர் வாயில் 'கோய்' வருகிறது, கீழே திரையில் 'தா' ஓடுகிறது. நீண்டகாலமாக ஹாங்காங் நாடகங்களுக்கு இதுவே முறை. வெளியூர்ச் சீனர் புரிந்துகொள்ள வேண்டும் என்றால் இது சரி. ஆனால் காது கேளாத உள்ளூர்க்காரருக்கு அந்த வரி, பேசியதன் பதிவு அல்ல, மொழிபெயர்ப்பு. கேலி, சந்தேகம், கேள்விப்பட்ட சேதி என எல்லாம் அந்த வால் ஒட்டுகளோடு போய்விடுகின்றன. கான்டனீஸ் கற்றுக்கொள்பவருக்கோ அது குழப்பம் மட்டுமே. சில நிகழ்ச்சிகள் இப்போது பேசியதையே வரியாகப் போடத் தொடங்கியிருக்கின்றன. இரண்டு வகை வரிகளையும் கொடுத்து, பார்ப்பவரைத் தேர்ந்தெடுக்க விடுவதுதான் முறை.