ரிப்போர்ட்டில் வரும் விநோத வெள்ளணுக்கள்

பதினாறு வயதுப் பெண்ணுக்கு ஒரு வாரமாகக் காய்ச்சல். எச்சில் விழுங்க முடியாத தொண்டை வலி, டான்சிலின்மேல் சாம்பல் வெள்ளையாக ஒரு படலம். கழுத்தின் இரண்டு பக்கமும் நெறி கட்டியிருக்கிறது. காதுக்குப் பின்னால் தொடங்கிப் பிடரிப் பக்கமாகவும் விரலுக்குத் தட்டுப்படுகிறது. தொண்டையில் சாதாரண பாக்டீரியா தொற்று என்று நினைத்து அமாக்ஸிசிலின் கொடுக்கிறார்கள். காய்ச்சல் இறங்கவில்லை. சில நாட்களில் உடம்பெல்லாம் சிவப்புத் தடிப்பு. ரத்தம் எடுத்துப் பார்த்தால், எண்ணும் இயந்திரம் ரிப்போர்ட்டின் ஓரத்தில் ஓர் எச்சரிக்கையை அச்சிட்டுத் தருகிறது: இயல்புக்கு மாறான லிம்ஃபோசைட்டுகள், பிளாஸ்ட் இருக்கக்கூடும், ஸ்மியர் பார்க்கவும்.

பிளாஸ்ட் என்பது ரத்தப் புற்றுநோயில் தென்படும் முதிராத செல். வீட்டில் யாராவது அந்தச் சொல்லை இணையத்தில் தேடிவிட்டால் அன்றிரவு எவருக்கும் தூக்கம் வராது. ஆனால் மேலே சொன்ன அடையாளங்கள் எல்லாம் ஒன்றுசேர்ந்த ஒரு வளரிளம் பிள்ளைக்குப் பெரும்பாலும் இருப்பது சுரப்பிக் காய்ச்சல். இது எப்ஸ்டீன்–பார் வைரஸால் வருகிறது, எச்சில் வழியாகப் பரவுகிறது, தானாகவே ஆறிவிடுகிறது. எந்த ஒருவரின் கதையும் அல்லாத, ஆனால் இந்த நோய் வழக்கமாக நடந்துகொள்ளும் முறையில் அமைத்த ஓர் உதாரணம் இந்தப் பெண். அவளுடைய ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டே மேலே போவோம்.

முதலில் எண்கள். மொத்த வெள்ளணுக்கள் 14,800. அதில் நியூட்ரோஃபில் 30 சதவீதம், லிம்ஃபோசைட் 64 சதவீதம். ஹீமோகுளோபின் 12.4. தட்டணுக்கள் 1,40,000. கல்லீரல் நொதியான எஸ்ஜிபிடி 140.

தொண்டையைப் பிடித்தது பாக்டீரியாவாக இருந்திருந்தால் நியூட்ரோஃபில் ஏறியிருக்கும். இங்கே ஏறியிருப்பது லிம்ஃபோசைட். கணக்குப் போட்டால் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஏறக்குறைய 9,500. அவள் வயதில் இயல்பாக இருப்பதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். அதேநேரம் நியூட்ரோஃபில் நாலாயிரத்துக்கு மேல் இருக்கிறது, ஹீமோகுளோபின் விழவில்லை, தட்டணு சற்றுத்தான் குறைந்திருக்கிறது. எலும்பு மஜ்ஜையைப் புற்றுசெல்கள் ஆக்கிரமித்திருந்தால் இந்த மூன்றில் ஒன்றாவது பெரும்பாலும் நன்றாகச் சரிந்திருக்கும். மஜ்ஜை தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது என்பதற்கு இது முதல் தடயம். எஸ்ஜிபிடி உயர்ந்ததும் இந்த வைரஸின் வழக்கம்தான். மஞ்சள் காமாலை இல்லாமலே கல்லீரல் சில வாரம் லேசாக வீங்கி அடங்கும்.

இயந்திரத்தால் இதற்குமேல் சொல்ல முடியாது. அது செல்லின் அளவையும் சில பண்புகளையும் அளக்கிறதே தவிர முகத்தைப் பார்ப்பதில்லை. முகத்தைப் பார்ப்பவர் நோய்க்குறியியல் மருத்துவர். ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் மெல்லிதாக இழுத்து, லீஷ்மன் சாயம் ஏற்றி, நுண்ணோக்கியின்கீழ் வைக்கிறார். நூறு வெள்ளணுக்களை எண்ணுகிறார். நம் பெண்ணின் ஸ்மியரில் 64 லிம்ஃபோசைட்டுகள். அவற்றில் 20 விநோதமானவை.

எப்படி விநோதம்? சாதாரண லிம்ஃபோசைட் சின்னது. கருநீல உருண்டையாக உட்கரு, அதைச் சுற்றி ஒரு கோடு அளவுக்கே சைட்டோபிளாசம். இந்தச் செல்களோ அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு பெரியவை. சைட்டோபிளாசம் தாராளமாக விரிந்து, வெளி ஓரத்தில் நீலம் அடர்ந்திருக்கும். பக்கத்துச் சிவப்பணு முட்டுகிற இடத்தில், கல்லைச் சுற்றிக்கொண்டு ஓடும் நீரைப்போல் வளைந்து அதை அணைத்துக்கொள்ளும். உட்கரு சில செல்களில் வட்டம், சிலவற்றில் அவரை விதை வடிவம், சிலவற்றில் மடிப்பு விழுந்தது.

தேர்ந்த கண் தேடுவது இந்தப் பலவகைமையைத்தான். லுகேமியா பிளாஸ்டுகள் ஒரே செல்லின் வாரிசுகள். ஒன்றைப் பார்த்தால் மற்றதைப் பார்த்ததுபோலவே இருக்கும். சைட்டோபிளாசம் கொஞ்சம்தான், உட்கருவின் உள்ளே நயமான மென்துகள் அமைப்பு. சுரப்பிக் காய்ச்சலில் ஒரே பார்வைப் பரப்புக்குள் சின்னது, பெரியது, நடுத்தரம் என்று எல்லா நிலையிலும் செல்கள் இருக்கும். 1923இல் மினசோட்டாவில் ஹால் டௌனியும் மெக்கின்லேயும் இவற்றை மூன்று வகையாகப் பிரித்து விவரித்தார்கள். இன்றும் மூத்த மருத்துவர்கள் டௌனி செல் என்று சொல்வதுண்டு. லிம்ஃபோசைட் ஐம்பது சதவீதமும் அதற்கு மேலும், விநோத செல்கள் பத்து சதவீதமும் அதற்கு மேலும் என்பது நெடுநாளாகப் புழங்கும் அளவுகோல். நம் பெண் இரண்டையும் தாண்டியிருக்கிறாள்.

பலருக்கும் தெரியாத ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். இந்த விநோத செல்கள் வைரஸ் புகுந்த செல்கள் அல்ல. எப்ஸ்டீன்–பார் வைரஸ் குடியேறுவது பி லிம்ஃபோசைட்டுகளில். ஸ்மியரில் பெருத்துத் தெரிபவை, அந்த பி செல்களைக் கொல்லக் கிளம்பிய டி லிம்ஃபோசைட்டுகள். காய்ச்சல், நெறிக்கட்டு, அசதி ஆகியவற்றில் பெரும்பங்கு இந்த எதிர்ப்பின் விளைவே. சின்னக் குழந்தைக்கு இதே வைரஸ் தொற்றினால் பெரும்பாலும் சாதாரணச் சளிக்காய்ச்சலாகவோ, அறிகுறியே இல்லாமலோ போய்விடும். இந்தியாவில் பெரும்பாலானோர் அந்த வயதிலேயே தொற்றைக் கடந்துவிடுகிறார்கள். அதிலிருந்து தப்பி, பதின்வயதில் முதன்முறையாக வைரஸைச் சந்திப்பவர்களே இப்படிப் படுத்துவிடுகிறார்கள்.

ஆனால் ஸ்மியருக்கும் ஓர் எல்லை உண்டு. உடம்பு எதையோ எதிர்த்து மும்முரமாகப் போராடுகிறது என்று அது சொல்லும்; எதை என்று சொல்லாது. சைட்டோமெகலோ வைரஸ், டாக்ஸோபிளாஸ்மா, புதிதாகத் தொற்றிய எச்ஐவி, கல்லீரல் அழற்சி வைரஸ்கள் எல்லாவற்றிலும் இதே செல்கள் வரலாம். தமிழ்நாட்டில் மழைக்காலத்தில் டெங்குவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். டெங்குவில் மொத்த வெள்ளணுக்கள் பெரும்பாலும் குறையும், தட்டணு வேகமாக விழும், டான்சிலில் படலம் இருக்காது. இன்னொரு வழுக்கல் லேபிலேயே நேரும்: குழாயில் பல மணி நேரம் கிடந்த ரத்தத்தில் இயல்பான லிம்ஃபோசைட்டுகளே உருக்குலைந்து விநோதமாகத் தெரியும். ரத்தம் எடுத்த சூட்டோடு ஸ்மியர் இழுக்கச் சொல்வது அதனால்தான்.

எதை எதிர்த்து என்ற கேள்விக்கு எதிர்ப்பான்கள் பதில் சொல்கின்றன. 1932இல் ஜான் பாலும் வால்ஸ் பன்னலும் இந்த நோயாளிகளின் சீரம் ஆட்டின் சிவப்பணுக்களைக் கொத்துக் கொத்தாக ஒட்டவைப்பதைக் கண்டார்கள். வைரஸ் புகுந்த பி செல்கள் கண்டபடி தூண்டப்பட்டு, வைரஸோடு சம்பந்தமே இல்லாத எதிர்ப்பான்களையும் உற்பத்தி செய்வதன் விளைவு அது. இன்று நிமிடங்களில் முடிவு தரும் மோனோஸ்பாட் போன்ற சோதனைகள் இதன் வழிவந்தவை. மலிவு, வேகம், ஆனால் முதல் வாரத்தில் நோயுள்ள நான்கு பேரில் ஒருவருக்கு இல்லை என்றே காட்டக்கூடும். நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் நம்பவே முடியாது. நம் பெண்ணுக்கும் முதலில் நெகட்டிவ் வந்தது என்று வைத்துக்கொள்வோம். அதைக்கொண்டு நோயை விலக்கக் கூடாது.

இந்த நோய்க்கு எப்ஸ்டீன்–பார் வைரஸே காரணம் என்பது ஒரு லேப் ஊழியரின் உடம்பிலேயே நிரூபணமானது. பிலடெல்பியாவில் வெர்னர் ஹென்லேயும் கெர்ட்ரூட் ஹென்லேயும் இந்த வைரஸை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். ஆய்வகத்தில் வேலை பார்த்த ஒரு பெண்ணின் ரத்தத்தில் அதற்கான எதிர்ப்பான் இல்லை. அதனாலேயே அவருடைய ரத்தத்தை ஒப்பீட்டுக்கு வைத்திருந்தார்கள். 1967இல் அவர் சுரப்பிக் காய்ச்சலில் படுத்தார். எழுந்து வந்தபோது எதிர்ப்பான் இருந்தது. பிறகு யேல் பல்கலைக்கழகத்தில் சேமித்திருந்த மாணவர்களின் ரத்த மாதிரிகளைச் சோதித்தார்கள்: நோய்க்கு முன் இல்லை, நோய்க்குப் பின் உண்டு. 1968இல் முடிவு வெளியானது.

இன்று செய்யும் சோதனை அதன் தொடர்ச்சி. மூன்று எதிர்ப்பான்களைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். வைரஸின் மேலுறைக்கு எதிரான விசிஏ ஐஜிஎம் நோயின் தொடக்கத்திலேயே தோன்றி, பெரும்பாலும் ஒன்றிரண்டு மாதத்தில் மறையும். அதே உறைக்கு எதிரான விசிஏ ஐஜிஜி ஏறக்குறைய அதே சமயத்தில் தோன்றி வாழ்நாள் முழுதும் நிற்கும். மூன்றாவது, வைரஸ் குடியேறிய செல்லின் உட்கருவில் இருக்கும் ஒரு புரதத்துக்கு எதிரான ஈபிஎன்ஏ ஐஜிஜி. இது நோய் தொடங்கி இரண்டு முதல் நான்கு மாதம் கழித்தே வரும்.

நம் பெண்ணுக்கு முதல் இரண்டும் பாசிட்டிவ், ஈபிஎன்ஏ நெகட்டிவ். இந்த நெகட்டிவ்தான் இங்கே மிகப் பெரிய சாட்சி: தொற்று புதியது. ஈபிஎன்ஏ பாசிட்டிவாக இருந்திருந்தால், வைரஸ் என்றோ வந்துபோனது, இப்போதைய காய்ச்சலுக்கு வேறு காரணம் தேட வேண்டும் என்று பொருள். விசிஏ ஐஜிஜி பாசிட்டிவ் என்ற ஒற்றை வரியைக் கண்டு பயப்படத் தேவையில்லை. வளர்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு அது இருக்கும். ஐஜிஎம்மையும் தனியாக நம்பக் கூடாது. சைட்டோமெகலோ வைரஸ் தொற்றிலும் அது பொய்யாகப் பாசிட்டிவ் காட்டுவதுண்டு. சிலருக்கு ஈபிஎன்ஏ எதிர்ப்பான் எப்போதும் உருவாவதே இல்லை. அதனால் மூன்றையும் நோயின் நாள்கணக்கோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

"அப்போ இது பிளட் கேன்சர் இல்லைங்களா டாக்டர்?" என்று தாய் கேட்பார்.

"இல்லைம்மா. ஆன்டிபயாட்டிக்கை நிறுத்திடலாம். அந்தத் தடிப்பு இந்த வைரஸ் இருக்கும்போது அந்த மருந்து கொடுத்ததால வந்தது. வாழ்க்கை முழுக்க பென்சிலின் அலர்ஜின்னு எழுதி வைக்கவேண்டியதில்லை, தேவைப்பட்டா பின்னாடி சோதிச்சுக்கலாம். மண்ணீரல் வீங்கியிருக்கும், அடிபட்டா கிழிஞ்சிடும். மூணு நாலு வாரம் ஓட்டம், கபடி எதுவும் வேண்டாம். திடீர்னு இடது பக்கம் வயிறு வலிச்சா உடனே கூட்டிட்டு வந்துடுங்க."

தொண்டை வலி சீக்கிரம் குறையட்டும் என்று ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிக் கொடுக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. நோய் உறுதியாகும்முன் அது ஆபத்து. ஒருவேளை உள்ளே இருப்பது லுகேமியாவோ லிம்ஃபோமாவோ என்றால், ஸ்டீராய்டு பட்டதும் அந்தச் செல்கள் தற்காலிகமாகக் கரைந்து, ஸ்மியரும் நெறிக்கட்டும் பொய் சொல்லத் தொடங்கும். மூச்சுக்குழல் அடைக்கும் அளவுக்கு டான்சில் வீங்கினால் மருத்துவமனையில் வைத்து ஸ்டீராய்டு கொடுப்பது வேறு விஷயம்.

நான்காவது வாரத்தில் எண்ணிக்கையைத் திரும்பப் பார்க்கிறார்கள். விநோத செல்கள் அநேகமாக மறைந்து, லிம்ஃபோசைட் இறங்கி, தட்டணு ஏறியிருக்க வேண்டும். அசதி மட்டும் இன்னும் சில வாரம் நீடிக்கலாம். அப்படி நடக்காமல் ஹீமோகுளோபின் இறங்கினாலோ, நியூட்ரோஃபில் ஆயிரத்துக்குக் கீழ் போனாலோ, நெறி கரையாமல் கெட்டிப்பட்டாலோ, ஸ்மியரில் செல்கள் எல்லாம் ஒன்றுபோலத் தெரியத் தொடங்கினாலோ, எதிர்ப்பான் ரிப்போர்ட் என்ன சொல்லியிருந்தாலும் ரத்தவியல் மருத்துவரிடம் அனுப்பி மஜ்ஜைப் பரிசோதனையும் நெறியின் திசுப் பரிசோதனையும் வேண்டுமா என்று பார்க்க வேண்டும்.