குரோமில் நெட் இருக்கு... பேமென்ட் ஆப்பில் இல்லை! ஏன் இந்தக் குழப்பம்?

மளிகைக் கடையில் பொருள்களை வாங்கிவிட்டு கியூ.ஆர். கோடை ஸ்கேன் செய்தால், 'இன்டர்நெட் இணைப்பு இல்லை' என்கிறது பேமென்ட் ஆப். அதே போனில் குரோமைத் திறந்தால் கிரிக்கெட் ஸ்கோர் பளிச்சென்று வருகிறது. டேட்டா பேக் தீரவில்லை, சிக்னலும் நன்றாகவே இருக்கிறது. வீட்டுக்குப் போய் வைஃபையில் இணைத்தால் எல்லா ஆப்களும் ஒழுங்காக வேலை செய்கின்றன.

இந்த இடத்தில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். சிம்மைக் கழற்றி மாட்டுவதில் தவறில்லை. ஆனால், பேமென்ட் ஆப்பை அழித்துவிட்டு மீண்டும் ஏற்றினால், வங்கிக் கணக்கை முதலிலிருந்து சரிபார்க்க வேண்டியிருக்கும். நெட் தகராறு செய்யும் நேரத்தில் அது இன்னொரு தலைவலி. போனையே ரீசெட் செய்தால், பேக்கப் எடுக்காத படங்களும் சாட்களும் போய்விடும். இத்தனைக்கும் காரணம், ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் யாரோ எப்போதோ மாற்றிவிட்ட ஒரே ஒரு வரியாக இருக்கலாம்.

பெயரைச் சொன்னால் நம்பர்

அந்தக் காலத்தில் 197-க்கு போன் போட்டு, பெயரைச் சொல்லி தொலைபேசி எண்ணைக் கேட்டது பலருக்கு நினைவிருக்கும். இணையத்திலும் அப்படியொரு விசாரணை உண்டு. ஆப் எதுவாக இருந்தாலும், முதலில் தன் நிறுவனத்து சர்வரின் பெயரைச் சொல்லி அதன் எண் முகவரியைக் கேட்கும். பதில் வந்த பிறகுதான் இணைப்பே தொடங்கும். இந்த விசாரணைச் சேவைதான் டி.என்.எஸ்.

வழக்கமாக நமது மொபைல் நிறுவனமே இந்தப் பதிலைச் சொல்லும். கேள்வி மூடாத கடிதம்போலப் போவதால், நாம் எந்தத் தளத்தைத் தேடுகிறோம் என்பது இடையில் இருப்பவர்களுக்குத் தெரியும். அதைத் தடுக்க, 2018-ல் வந்த ஆண்ட்ராய்டு 9-ல் Private DNS என்ற வசதியைச் சேர்த்தார்கள். கேள்வி பூட்டிய உறையில் போகும். அதற்கென்றே 853 என்ற எண் கொண்ட தனி வாசல் உண்டு. தொழில்நுட்ப மொழியில் இதை 'போர்ட்' என்பார்கள்.

இதில் மூன்று தேர்வுகள் இருக்கின்றன. Off என்றால் பழைய முறை. Automatic என்றால், பூட்டிய உறையில் அனுப்பிப் பார்க்கும்; முடியாவிட்டால் பழைய முறைக்கே திரும்பிவிடும். மூன்றாவது, Private DNS provider hostname. விளம்பரங்களைத் தடுக்க இங்கே `dns.adguard-dns.com` போன்ற ஒரு பெயரைப் போட்டுக்கொள்பவர்கள் உண்டு. சிக்கல் பெரும்பாலும் இந்த மூன்றாவது தேர்வில்தான்.

ஏனென்றால், அங்கே ஒரு பெயரைக் கொடுத்துவிட்டால், 'இவரிடம் மட்டும்தான் கேட்க வேண்டும்; அவர் கிடைக்காவிட்டால் வேறு யாரிடமும் கேட்கக் கூடாது' என்று போனுக்கு உத்தரவு போட்டதாக அர்த்தம். வீட்டு வைஃபை 853-ம் வாசலைத் திறந்து வைத்திருக்கும். வெளியே மொபைல் நெட்வொர்க் அதை அடைத்திருந்தால், விசாரணைக்கு வழியே இல்லை. சிக்னல் முழுதாக இருந்தும் ஆப்கள் முகவரி தெரியாமல் நிற்கும்.

குரோம் மட்டும் தப்பிப்பது எப்படி?

குரோமில் Settings, Privacy and security, Use secure DNS என்று போனால், பிரவுசருக்கென்றே ஒரு டி.என்.எஸ். நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்க முடியும். அப்படித் தேர்ந்தெடுத்திருந்தால், குரோம் போனிடம் முகவரி கேட்காது, தானே விசாரித்துக்கொள்ளும். அதுவும் 853 வழியாக இல்லை, வெப்சைட்கள் வந்துபோகும் 443-ம் வாசல் வழியாக. அந்த வாசலை அடைத்தால் இணையமே நின்றுவிடும் என்பதால் யாரும் அடைப்பதில்லை. ஃபயர்ஃபாக்ஸிலும் இதுபோன்ற வசதி உண்டு. பிரவுசரில் இந்த ஏற்பாடு இல்லையென்றால், அதிலும் DNS_PROBE என்று தொடங்கும் பிழைச் செய்தி வந்து நிற்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. ஒவ்வொரு இணைப்பிலும் உண்மையில் நெட் வருகிறதா என்று ஆண்ட்ராய்டு தானே சோதித்துப் பார்க்கிறது. முகவரி விசாரணையே தோற்றால், 'இந்த இணைப்பில் இன்டர்நெட் இல்லை' என்று முடிவு கட்டிவிடும். சிக்னல் சின்னத்தின் அருகே ஆச்சரியக்குறி தோன்றுவது அதனால்தான். சில ஆப்கள் அந்த முடிவை நம்பி, முயற்சி செய்யாமலேயே கைவிரித்துவிடும். பிரவுசர் எப்படியும் ஒருமுறை முயன்று பார்க்கும்.

படிப்படியாகப் பார்க்கலாம்

வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் சோதியுங்கள். Settings, Network & internet, Private DNS என்று செல்லுங்கள். சாம்சங் போனில் Connections, More connection settings என்ற வழியில் இருக்கும். மற்ற போன்களில், செட்டிங்ஸின் தேடல் கட்டத்தில் Private DNS என்று தட்டினால் போதும்.

அங்கே ஏதாவது பெயர் இருந்தால், முதலில் அதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, Automatic-க்கு மாற்றுங்கள். விமானப் பயன்முறையை ஒருமுறை போட்டு எடுத்துவிட்டு, மக்கர் செய்த ஆப்பைத் திறங்கள். வேலை செய்தால் குற்றவாளி பிடிபட்டாயிற்று.

அடுத்து, தவறு யாருடையது என்பதையும் கண்டுபிடிக்கலாம். பழைய பெயருக்குப் பதிலாக கூகுளின் `dns.google` என்ற பெயரைப் போட்டுப் பாருங்கள். ஆப்கள் ஓடினால், 853-ம் வாசல் திறந்துதான் இருக்கிறது. பழைய சர்வர் கிடைக்கவில்லை அல்லது அதன் பெயரில் எழுத்துப்பிழை இருக்கிறது. இதுவும் ஓடாவிட்டால், நெட்வொர்க்கே அந்த வாசலை அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். அப்போது Automatic-லேயே விட்டுவிடுவதுதான் நல்லது.

சாவிச் சின்னம் தெரிகிறதா?

Private DNS சரியாக இருந்தும் பிரச்னை தீரவில்லையென்றால், திரையின் மேல்பட்டியில் சாவிச் சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வி.பி.என். ஓடுகிறது. 'நான் அப்படி எதுவும் போடவில்லையே' என்று தோன்றலாம். விளம்பரத் தடுப்பு ஆப்களும், ஃபயர்வால் ஆப்களும்கூட வி.பி.என். வடிவில்தான் இயங்குகின்றன. சில ஃபயர்வால் ஆப்களில், ஒவ்வொரு ஆப்புக்கும் வைஃபைக்கு ஒன்று, மொபைல் டேட்டாவுக்கு ஒன்று எனத் தனித்தனி ஸ்விட்ச் உண்டு. டேட்டாவை மிச்சப்படுத்த என்றோ அணைத்த ஸ்விட்ச், இன்று கடைவாசலில் நம்மை நிறுத்திவிடும்.

வி.பி.என். பயன்படுத்துகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. வி.பி.என். வழியாக வந்தால் சில வங்கி ஆப்கள் ஏற்பதில்லை. அதனால் அந்த ஆப்பை மட்டும் வி.பி.என்.னிலிருந்து விலக்கி வைப்பார்கள். அதே நேரம் செட்டிங்ஸில் Block connections without VPN என்பது ஆனில் இருந்தால், விலக்கி வைத்த ஆப்புக்கு எந்த வழியும் இருக்காது. பிரவுசர் வி.பி.என். வழியாக ஜோராக ஓடும். வங்கி ஆப்புக்கு மட்டும் நெட் கிடையாது. இந்த இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும். ஆனால் இந்தச் சிக்கல் வைஃபையிலும் வரும் என்பதால், எளிதில் அடையாளம் காணலாம்.

இரண்டுமே இல்லையென்றால், குறிப்பிட்ட ஆப்பின் App info பக்கத்தில் மொபைல் டேட்டா பயன்பாடு தடுக்கப்பட்டிருக்கிறதா என்றும், Data Saver ஆனில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

Automatic-க்கு மாறுவதில் சின்ன இழப்பும் உண்டு. விளம்பரத் தடுப்பு போய்விடும். நீங்கள் தேடும் தளங்களின் பெயர்கள் மொபைல் நிறுவனத்துக்குத் தெரியும். தாளில் எழுதி வைத்த பெயரை, அது வேலை செய்யும் வைஃபையில் இருக்கும்போது திரும்பப் போட்டுக்கொள்ளலாம். வெளியே கிளம்பும் முன் Automatic-க்கு மாற்ற மறக்கக் கூடாது, அவ்வளவுதான்.